வேலையை விடும்போது ஈசாப் என்ன ஆகும்? ஊழியருக்குப் புரியும்படி சொல்வது எப்படி?

கேள்வி: கோவையில் சுமார் 60 பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி எங்களுடையது. இன்னும் பங்குச்சந்தைக்கு வரவில்லை. ஊழியர்களுக்கு ஈசாப் கொடுத்திருக்கிறோம். போன மாதம் ராஜினாமா செய்த ஒருவர், "என் ஷேரை எப்போது தருவீர்கள்?" என்று கேட்டார். பணம் கட்ட வேண்டும், வரியும் உண்டு, 90 நாள்தான் டைம் என்று சொன்னதும், ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்துவிட்டார். திட்ட ஆவணம் ஆங்கிலத்தில் 30 பக்கம். இதையெல்லாம் சாதாரண வார்த்தைகளில் எப்படி விளக்குவது? (எச்.ஆர். மேலாளர், கோவை)

பதில்: அவர் கேட்ட கேள்வியிலேயே சிக்கல் தெரிகிறது. "என் ஷேர்" என்கிறார். அவரிடம் ஷேர் இல்லை. ஷேரை ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமைதான் இருந்தது. ஈசாப் என்பது அதுதான். அந்த வித்தியாசத்தை முதல் நாளே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆஃபர் கொடுக்கும்போது "10 லட்ச ரூபாய் ஈசாப்" என்று ஒரு தொகையைச் சொல்லி விட்டுவிட்டால், எல்லோர் மனதிலும் அது சம்பளத்தின் ஒரு பகுதியாகத்தான் பதியும்.

நான் விளக்கும்போது வீட்டுமனை கிரய ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவேன். நம் ஊரில் அது தெரியாதவர்கள் குறைவு. இன்று ஒரு விலை பேசி அக்ரிமென்ட் போடுகிறோம், பத்திரப்பதிவு பிறகுதான். பதியும்வரை மனை நம்முடையது இல்லை. ஈசாப் கடிதம் அந்த அக்ரிமென்ட் மாதிரி. எக்ஸர்சைஸ், அதாவது அந்த உரிமையைப் பயன்படுத்தி ஷேரை வாங்குவது, பணம் கட்டிப் பத்திரம் பதிவது மாதிரி. இன்னொரு விஷயத்திலும் இந்த உதாரணம் பொருந்தும். நாம் என்ன விலை பேசியிருந்தாலும், வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதை வைத்துத்தான் முத்திரைத்தாள் கட்டணம் போடுவார்கள். ஈசாப்பிலும் ஷேரின் அன்றைய மதிப்பை வைத்துத்தான் வரி. ஒரே வித்தியாசம், இங்கே அட்வான்ஸ் கிடையாது. வேண்டாம் என்று விட்டுவிட்டால் கைப்பணம் எதுவும் போகாது. இதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பொதுவான விளக்கத்தை நிறுத்திவிட்டு அந்த ஊழியரின் தேதியையும் எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒருவருக்கு 2023 ஜூலை 1 அன்று 4,800 ஆப்ஷன், அதாவது 4,800 ஷேரை வாங்கும் உரிமை, கொடுக்கிறீர்கள். எக்ஸர்சைஸ் விலை 20 ரூபாய். நான்கு ஆண்டு வெஸ்டிங், அதாவது அந்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்கு வரும் காலம். முதல் ஆண்டு முடிந்ததும் 1,200, அதன்பின் மாதம் 100. ஓராண்டு முடிவதற்குள் விலகினால் ஒன்றும் இல்லை. கம்பெனிச் சட்டத்தின் விதியே, ஆப்ஷன் கொடுப்பதான கிராண்டுக்கும் வெஸ்டிங்குக்கும் நடுவில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்கிறது. இந்த ஓராண்டு வேலையில் சேர்ந்த தேதியிலிருந்து இல்லை, கிராண்ட் தேதியிலிருந்து. ஜனவரியில் சேர்ந்து ஜூலையில் கடிதம் வாங்கியவர் அடுத்த ஜனவரியிலேயே வெஸ்ட் ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். நான் பார்த்த சண்டைகளில் பல இங்கேதான் தொடங்கின.

அவருடைய கடைசி வேலைநாள் 2025 டிசம்பர் 20 என்று வைத்துக்கொள்வோம். 29 மாதம் முடிந்திருக்கிறது. ஆகவே 2,900 ஆப்ஷன் வெஸ்ட் ஆகியிருக்கும். மீதி 1,900 அன்றோடு போய்விடும். 90 நாள் கெடு என்றால் 2026 மார்ச் 20 வரை டைம். கடிதத்தில் "90 நாள்" என்று மட்டும் எழுதாமல் அந்தத் தேதியையே எழுதுங்கள். ராஜினாமா கொடுத்த நாளா, நோட்டீஸ் காலம் முடிந்து வெளியேறும் நாளா, எதிலிருந்து எண்ணுவது என்ற குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். எந்த நாளோடு வெஸ்டிங் நிற்கும் என்பது உங்கள் திட்ட ஆவணத்தில் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது பணம். 2,900 ஷேருக்கு 20 ரூபாய் வீதம் 58,000 ரூபாய். பெரும்பாலான ஊழியர்கள் இத்தோடு முடிந்தது என்று நினைப்பார்கள். எக்ஸர்சைஸ் செய்யும்போது ஷேரின் மதிப்பு 220 ரூபாய் என்று மெர்ச்சன்ட் பேங்கர் சான்று கொடுத்திருந்தால், ஒரு ஷேருக்கு 200 ரூபாய் அவருக்குக் கிடைத்த சம்பளமாகக் கணக்காகும். மொத்தம் 5,80,000 ரூபாய். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து வரி 1,80,960 ரூபாய். ஆக, கையிலிருந்து போக வேண்டியது 2,38,960 ரூபாய். வேலையில் இருந்தால் வரியைச் சம்பளத்தில் பிடிக்கலாம். வேலையை விட்டவருக்குச் சம்பளம் ஏது? வரியைக் கம்பெனிதான் கட்டியாக வேண்டும் என்பதால், அந்தத் தொகையையும் அவர் உங்களிடம் கொடுக்க வேண்டியிருக்கும். இவ்வளவும் கட்டி வாங்கும் ஷேரைச் சந்தையில் விற்க முடியாது. கம்பெனி விற்கப்படும்வரையோ, பங்குச்சந்தைக்கு வரும்வரையோ, கம்பெனியே ஷேரைத் திரும்ப வாங்கும் பைபேக் நடக்கும்வரையோ காத்திருக்க வேண்டும். எதுவும் நடக்காமலே போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அரசின் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைப் பின்னால் கட்டும் சலுகை உண்டு. ஆனால் வேலையை விட்டதும் அந்தச் சலுகை முடிந்துவிடும். ஊழியர் இதை ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

விலகும் விதத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். ராஜினாமாவையும் ஆள்குறைப்பையும் உங்கள் திட்டம் ஒன்றுபோல நடத்துகிறதா என்று பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கினால் வெஸ்ட் ஆனதும் போய்விடும் என்று பல திட்டங்களில் இருக்கிறது. அப்படியானால் எதெல்லாம் ஒழுங்கு மீறல் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வேலை சரியில்லை என்பதும் அதில் சேருமா என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்காதீர்கள். விலகியவரிடமிருந்து ஷேரைத் திரும்ப வாங்கும் உரிமை கம்பெனிக்கு இருந்தால், எந்த விலைக்கு என்பதையும் சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போது இறந்தாலோ, நிரந்தரமாக உழைக்க முடியாத நிலை வந்தாலோ, அதுவரை கொடுத்த எல்லா ஆப்ஷனும் அந்த நாளிலேயே வெஸ்ட் ஆகும். இது சட்ட விதி. அதனால் கடிதம் கொடுக்கும் அன்றே நாமினி பெயரை வாங்கிவிடுங்கள்.

இத்தனையும் ஒரே தாளில் அடங்கும், தமிழிலேயே: "இன்றைய தேதியில் விலகினால் உங்களிடம் இருப்பது 2,900. வாங்க 58,000 ரூபாய், வரி சுமார் 1,81,000 ரூபாய். மார்ச் 20-க்குள் வாங்காவிட்டால் உரிமை போய்விடும். வாங்கியதை உடனே விற்க முடியாது." இதில் வரும் எண்கள் மாறும் என்பதால் ஆண்டுக்கு ஒரு தடவை புதுத் தாள் கொடுங்கள், ராஜினாமா வந்த அன்றே கட்டாயம் ஒன்று கொடுங்கள். படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, "பிப்ரவரியில் விலகினால் எத்தனை இருக்கும்?" என்று அவரையே கேளுங்கள். 3,100 என்று சொல்லிவிட்டால் புரிந்திருக்கிறது. சொல்லத் தடுமாறினால் இன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள். தாளின் அடியில், இதற்கும் திட்ட ஆவணத்துக்கும் வேறுபாடு வந்தால் ஆவணம்தான் செல்லும் என்று ஒரு வரி இருக்கட்டும்.

அப்புறம் அந்த 90 நாள். இந்தியச் சட்டம் அப்படி ஒரு கெடு விதிக்கவில்லை. அமெரிக்காவில் ஒருவகை ஆப்ஷனுக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் விலகிய மூன்று மாதத்துக்குள் வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. அந்தக் கெடு பல நாடுகளின் திட்டங்களிலும் வழக்கமாகிவிட்டது. இங்கே காலத்தைக் கம்பெனியே முடிவு செய்யலாம். விலகியபின் சில ஆண்டுகள் வரை அவகாசம் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. இன்னும் எக்ஸர்சைஸ் செய்யாத பழைய ஆப்ஷன்களுக்கும், ஊழியருக்குப் பாதகம் இல்லாத மாற்றத்தைப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் மூலம் செய்யலாம். உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் இதைக் கேட்டு, அடுத்த போர்டு மீட்டிங்கில் வையுங்கள். போன மாதம் விலகியவரின் கெடு முடிவதற்குள் செய்தால் அவருக்கும் உதவும்.