காபிப் பையில் எழுதிய ரகப் பெயருக்கு அதிக விலை கொடுக்கலாமா?

கேள்வி: வழக்கமாக எங்கள் தெருக் கடையில் பிளாண்டேஷன் ஏ-யும் பீபெரியும் பாதிப்பாதி, கொஞ்சம் சிக்கரி போட்டு அரைத்து வாங்குவேன். இப்போது ஒரு பையில் ‘எஸ்.795’, இன்னொன்றில் ‘சந்திரகிரி’ என்று போட்டு, கால் கிலோவுக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: பாலும் சிக்கரியும் சேர்த்துத்தான் குடிப்பீர்கள் என்றால் வேண்டாம். அந்த 200 ரூபாய் டம்ளரில் தெரியாது. பால் இல்லாமலும் குடிப்பீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

நீங்கள் வாங்கும் இரண்டும் ரகமே அல்ல. பிளாண்டேஷன் என்றால் பழத்தின் தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகா இனக் காபி. ‘ஏ’ என்பது கொட்டையின் அளவு. ஒரு பழத்தில் இரண்டு தட்டைக் கொட்டைகளுக்குப் பதிலாக ஒரே உருண்டைக் கொட்டை விளைந்தால் அது பீபெரி. எந்த ரகச் செடியிலும் அது வரும்.

எஸ்.795-ம் சந்திரகிரியும்தான் செடியின் பெயர்கள். இரண்டும் கர்நாடகத்தில் பாலஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. எஸ்.795 1940-களில் வந்தது. அரபிகாதான் என்றாலும் லைபீரிகா என்ற இன்னொரு காபி இனத்தின் கலப்பும் கொஞ்சம் உண்டு. 2007-இல் வந்த சந்திரகிரி குட்டையான செடி. அதன் வம்சத்தில், திமோர் தீவில் அரபிகாவும் ரோபஸ்டாவும் தானாகக் கலந்து உருவான செடி இருக்கிறது. இலைத்துரு நோயைத் தாங்க வேண்டும், காய்ப்பு குறையக் கூடாது என்பதுதான் இவற்றை உருவாக்கியவர்களின் முதல் கவலை. அதனால் ரகப் பெயரை ருசிக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. நம் தோட்டங்கள் பலவற்றில் இரண்டு மூன்று ரகங்கள் ஒன்றாகவே நிற்கும். பழத்தை ஒரே கூடையில் பறித்துவிட்டால் ரகம் பிரியாது. பறிக்கும்போதே தனியாக எடுத்து, தனியாகக் காயவைத்திருந்தால்தான் பெயருக்குப் பொருள் உண்டு. அப்படிச் செய்தவர்கள் தோட்டத்தின் பெயர், அறுவடை ஆண்டு, கழுவியதா பழத்தோடு காயவைத்ததா, வறுத்த தேதி எல்லாவற்றையும் பையில் போடுவார்கள். ரகப் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்து மற்றதெல்லாம் இல்லையென்றால், அந்தப் பையை நான் எடுக்க மாட்டேன்.

ஒரே தோட்டம், இரண்டும் கழுவியது, இரண்டும் மிதமான வறுவல் என்று இந்த இரண்டு ரகங்களையும் வாங்கி வந்து ஒருமுறை பார்த்தேன். தலா 15 கிராம் பொடி, 225 மில்லி தண்ணீர், பால் இல்லை. சூடாக இருந்தபோது வித்தியாசமே தெரியவில்லை. பத்து நிமிடம் ஆறியதும் ஒன்றில் புளிப்பு கூடுதலாகவும், மற்றதில் இனிப்பு தூக்கலாகவும் தெரிந்தது. அதே இரண்டையும் கறுக்க வறுத்தபோது எது எதுவென்று சொல்ல முடியவில்லை. வறுவலின் கசப்பு மட்டும்தான் நாக்கில் நின்றது.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் வறுத்த தேதியைக் கேளுங்கள். மிதமான வறுவலில், கொட்டையாகவே, 100 கிராம் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். ஆறவிட்டுக் குடித்தும் பழைய பிளாண்டேஷன் ஏ-தான் பிடிக்கிறது என்றால், அதையே தொடருங்கள்.