செவ்வக டக்ட்டில் 146 பாஸ்கல் ஏன் வருகிறது?

"நல்லூர் மண்டபத்துக்கு 600 × 100 மி.மீ. தகர டக்ட், நீளம் 12 மீ, காற்று விநாடிக்கு 0.3 கன மீ. நீரியல் விட்டம் Dh போட்டால் அழுத்த இழப்பு 146 Pa வருகிறது. நம்பலாமா?"

நம்ப வேண்டாம். பரப்பு A, சுற்றளவு P என்றால் Dh = 4A/P = 0.171 மீ என்பது சரி. ஆனால் வேகத்தையும் அந்த விட்டமுள்ள வட்டத்தின் பரப்பில் எடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் 13 மீ/வி. இந்தப் பிழை எனக்கும் நேர்ந்திருக்கிறது. வேகம் எப்போதும் உண்மையான பரப்பில்தான்: 0.3 / 0.06 = 5 மீ/வி. அப்புறம் ரெனால்ட்ஸ் எண் Re சுமார் 53,000, தகரத்தின் சொரசொரப்பு 0.15 மி.மீ. என்றால் உராய்வுக் காரணி f சுமார் 0.0236.

```
Δp = f (L/Dh) ρV²/2 ≈ 24 Pa
```

வளைவுகளின் இழப்பைத் தனியே கூட்டுங்கள்.

Dh எங்கே தளரும்? சீரான அடுக்கோட்டத்தில். வட்டக் குழாயில் f·Re = 64; உங்கள் 6:1 வடிவத்தில் சுமார் 79. அங்கே 64 போட்டால் உண்மையான இழப்பில் ஐந்தில் ஒரு பங்கு கணக்கில் வராது. கொந்தளிப்பில் மூலைகளிலும் காற்று நன்றாகக் கலப்பதால் பிழை சில சதவீதம்தான். அதையும் திருத்த, f எடுக்கும் Re-ஐ மட்டும் 64/79 ஆல் பெருக்குங்கள்; L/Dh அப்படியே இருக்கட்டும். டக்ட் இன்னும் தட்டையானால் இந்தத் திருத்தத்தை விடாதீர்கள்.