கோட் ரிவியூ: மனேஜரிடம் எதைக் கொண்டுபோனேன்

கேள்வி: வவுனியாவில் ஐந்து பேர் உள்ள மென்பொருள் குழு. எல்லாரும் நேரே main-க்குத்தான் அனுப்புகிறோம். கோட் ரிவியூவைக் கட்டாயமாக்கும்படி மனேஜரிடம் எப்படிக் கேட்பது? "வேலை பிந்தும்" என்பார்.

பதில்:

நான் கிளிநொச்சியில் இதே நிலையில் இருந்தேன். "தரம் கூடும்" என்று முதல்முறை கேட்டபோது மனேஜர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் முறை எங்கள் பிழைகளையே கொண்டுபோனேன்.

```
git log --since="3 months ago" -i --grep="fix" --oneline
```

வந்த ஒவ்வொரு திருத்தத்துக்கும், அந்தப் பிழை எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது என்று `git blame` வைத்துத் தேடினேன். இன்னொருவர் பார்த்திருந்தால் பிடித்திருப்பாரா என்று பக்கத்தில் குறித்தேன். பாதிக்கு மேல் "இல்லை" என்றுதான் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதினேன். மனேஜர் மிச்சத்தை நம்பியது அதனால்தான்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொன்னேன். நெல் ஆலை ஒன்றுக்குச் செய்த கொள்வனவு மென்பொருள். காலபோக அறுவடை நேரம், தம்பி ஒருவர் சேர்வரில் இந்த வரியைச் சேர்த்தார்:

```
net = gross - bags * 1.0
```

சாக்குக்கு ஒரு கிலோ கழிவு. வரியில் பிழையில்லை. ஆனால் திரையிலேயே அந்தக் கழிவு ஏற்கெனவே போயிருந்தது. 62 மூட்டை கொண்டுவந்த விவசாயி ஒருவர் துண்டைக் கணக்குப் பார்த்து, 62 கிலோ குறைகிறது என்று சண்டைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. திரையை எழுதியவர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். அந்த ஒரு வரியை அவர் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

நான் கேட்டதும் சின்னதாகத்தான்: ஆறு கிழமைப் பரீட்சார்த்தம், அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும், ஒருவரின் ஒப்புதல் போதும். வந்த மாற்றத்தை நான்கு மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும். ஆலையில் வேலை நின்றுபோனால் ஒப்புதல் இல்லாமலே அனுப்பலாம், அடுத்த நாள் பார்க்க வேண்டும். சராசரிக் காத்திருப்பு ஒரு நாளைத் தாண்டினால் நானே நிறுத்திவிடுகிறேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். "பிந்தும்" என்பதற்கு அதுதான் பதில்.

செலவையும் முதலே சொல்லுங்கள். கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் தனியார் களஞ்சியத்துக்கு `main`-ஐப் பூட்ட முடியாது, கட்டணத் திட்டம் வேண்டும். பூட்டியபின் `Require approvals` என்பதைப் போட்டால், எழுதியவர் தன் மாற்றத்துக்குத் தானே ஒப்புதல் கொடுக்க முடியாது.

நான் எதிர்பாராதது ஒன்று. அண்ணையின் கோட்டில் பிழை சொல்லத் தம்பிமாருக்கு வாய் வரவில்லை. நானூறு வரி மாற்றத்துக்கு இரண்டு நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. பார்க்காமல் அமத்துகிறார்கள் என்று அதிலேயே தெரிந்தது. பிறகு மனேஜரே தான் எழுதிய கோட்டைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் கொடுத்து, "மூன்று கேள்வி கேட்காமல் ஒப்புதல் தரக்கூடாது" என்றார். அவள் ஐந்து கேட்டாள்.