ஜவ்வரிசிக் கஞ்சி குடிச்சும் எடை ஏறலை

“வயசு 21, உயரம் 170 செ.மீ., எடை 48 கிலோ. சேலம். சாப்பாட்டுக்கு முன்னாடி தினமும் ரெண்டு டம்ளர் ஜவ்வரிசிக் கஞ்சி. மூணு மாசமா முள்ளு நகரலை.”

தம்பி, நம்ம ஊர்ச் சரக்குதான், ஆனா ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து. புரதம் கிட்டத்தட்ட இல்லை. ஒரு டம்ளர் கஞ்சிக்கு 20 கிராம்தான் விழும், அதுல 70 கலோரி. மிச்சமெல்லாம் தண்ணி. சாப்பாட்டுக்கு முன்னாடி அது வயித்தை அடைச்சுடுது, சோறு குறையுது.

கஞ்சியை நிறுத்திட்டு, சாயங்காலம் 4 மணிக்கு இதைக் குடிங்க: கொழுப்பு எடுக்காத பால் 250 மி.லி., சின்ன வாழைப்பழம் ரெண்டு, தோல் நீக்கின வறுத்த நிலக்கடலை 30 கிராம். கடலையை முதல்ல தனியா பொடிச்சுக்கிட்டு, அப்புறம் பாலையும் பழத்தையும் சேர்த்து அடிங்க. இல்லேன்னா அடியில தங்கிடும். சுமார் 500 கலோரி. பால் வயித்தை உப்ப வெச்சா தயிர் ஊத்துங்க. மதியம் சோத்துல ஒரு ஸ்பூன் நெய், கூட ஒரு முட்டை.

வாரம் ஒரு நாள், காலையில வெறும் வயித்துல எடை பாருங்க. கால் கிலோ ஏறினா சரியான வழி. ரெண்டு வாரமும் அசையலேன்னா, ராத்திரி இன்னொரு அரை டம்ளர்.

நல்லா சாப்பிட்டும் எடை இறங்கினாலோ, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், படபடப்பு, அதிக தாகம் இருந்தாலோ முதல்ல டாக்டரைப் பாருங்க. சளி, தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனை அவசியம்.