பட்டியலில் ஒன்று மட்டும் இடறுகிறதா? வாலை ஒட்டிப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்: அக்கா, கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க்காக இருந்தேன். ரெஸ்யூமில் இப்படிப் போட்டிருக்கிறேன்: "கன்டெய்னர் எண்களைப் பதிவு செய்தல், சீல் சரிபார்ப்பு, டிரைவரிடம் கையெழுத்து வாங்கினேன் மற்றும் சேதம் இருந்தால் புகைப்படம் ஆகிய பணிகளைக் கவனித்தேன்." படித்தவர்கள் எங்கேயோ இடறுகிறது என்கிறார்கள். எங்கே?

வாக்கியத்தின் வால் "பணிகளைக் கவனித்தேன்". அதை ஒவ்வொன்றோடும் தனியாக ஒட்டிப் பாருங்கள். "பதிவு செய்யும் பணியைக் கவனித்தேன்" போகிறது. "சரிபார்ப்புப் பணியைக் கவனித்தேன்", அதுவும் போகிறது. "கையெழுத்து வாங்கினேன் பணியை" என்றதும் நாக்கு நின்றுவிடும். 'வாங்கினேன்' ஏற்கெனவே முடிந்துவிட்ட வாக்கியம், அதற்கு மேல் எதுவும் ஒட்டாது. கடைசியில் இருக்கும் 'புகைப்படம்' ஒரு பொருள், வேலை இல்லை. நீங்கள் எடுத்தீர்களா, டிரைவரிடம் கேட்டு வாங்கினீர்களா என்றே தெரியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்: "எண்களைப் பதிவு செய்தல், சீலைச் சரிபார்த்தல், டிரைவரிடம் கையெழுத்து வாங்குதல், சேதத்தைப் புகைப்படம் எடுத்தல் ஆகிய பணிகளைக் கவனித்தேன்." சோதனையில் தேறிய 'சரிபார்ப்பு'வையும் மாற்றிவிட்டேன். பிழை இல்லைதான், ஆனால் மூன்று 'தல்'களுக்கு நடுவே அது மட்டும் தனியாகத் தெரியும்.

என்னைக் கேட்டால் அந்த வாலையே வெட்டிவிடுவேன். "எண்களைப் பதிவு செய்தேன், சீலைச் சரிபார்த்தேன்" என்று நேராக எழுதினால், கவனித்தது யார், செய்தது யார் என்ற சந்தேகமே வராது.

ராயபுரத்திலிருந்து ஒருவர்: இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? 'பதிந்து, பார்த்து, எடுத்து, வாங்கினேன்' என்று போட்டால் ஒரே வடிவம் தானாக வந்துவிடுமே. தமிழுக்கு அதுதானே இயல்பு?

பாதி சரி. வடிவம் ஒன்றாகிவிடும், ஆனால் அப்படிக் கோத்தால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கேட்டில் வண்டி நுழையும் வேலைக்கு அது பொருந்தும், வரிசையை மட்டும் மாற்ற வேண்டும்: "எண்ணைப் பதிந்து, சீலைச் சரிபார்த்து, சேதம் இருந்தால் புகைப்படம் எடுத்து, டிரைவரிடம் கையெழுத்து வாங்கினேன்." சேதத்தைக் குறித்த பிறகு வாங்கினால்தானே அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு.

"மாதக் கணக்கை முடித்து, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கேட்டில் வண்டிகளை ஒழுங்குபடுத்தினேன்" என்று எழுதிப் பாருங்கள். கணக்கு முடிந்தால்தான் பயிற்சி என்பது போல ஆகிவிடுகிறது. தொடர்பில்லாத வேலைகளை இப்படிக் கோக்க வேண்டாம்.

திருவொற்றியூர், குடியிருப்போர் சங்கச் செயலாளர்: அம்மா, எங்கள் ஆண்டறிக்கையில் உள்ள வரி இது: "வடிகால் தூர்வாரப்பட்டு, தெருவிளக்குகளைச் சரிசெய்து, கழிவுநீர் தேங்கி, மனு அளித்தோம்." எல்லாம் ஒரே மாதிரி முடிகிறது. ஆனாலும் உறுப்பினர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பார்கள் சார். முடிவு ஒன்றுபோல இருந்தாலும் செய்தவர் மாறிக்கொண்டே போகிறார். வடிகால், விளக்கைச் சரிசெய்தவர், கழிவுநீர், கடைசியில் நீங்கள். "மழை பெய்து பயிர் விளைந்தது" என்பதிலும் எழுவாய் மாறுகிறது, ஆனால் மழையால் பயிர் விளைந்தது என்ற காரணம் அதைத் தாங்குகிறது. உங்கள் வரியில் அந்தக் காரணம் கழிவுநீருக்கும் மனுவுக்கும் நடுவில் மட்டும்தான் இருக்கிறது. நடந்து முடிந்ததும் தீராத குறையும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன, அதைப் பிரியுங்கள்:

"வடிகால் தூர்வாரப்பட்டது, தெருவிளக்குகள் சரிசெய்யப்பட்டன. கழிவுநீர் தேங்குவது குறித்து மண்டல அலுவலகத்தில் மனு அளித்தோம்."

விளக்கைச் சரிசெய்தது மாநகராட்சி என்று நானாக எடுத்துக்கொண்டேன். சங்கமே ஆள் வைத்துச் செய்திருந்தால் "சரிசெய்தோம்" என்று தனி வாக்கியமாக எழுதி அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: எனக்கும் இதே பிரச்சினைதான் அக்கா. வேர்டில் என் பாயின்ட்கள் நேர்க்கோட்டில் நிற்கவே மாட்டேன் என்கின்றன.

அது வேறு பிரச்சினை தம்பி. ஸ்பேஸ் தட்டித் தள்ளாமல் ரூலரில் இன்டென்ட்டை நகர்த்துங்கள். அப்புறம் அந்த பாயின்ட்களை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒருவர்: "கிரேன், ஃபோர்க்லிஃப்டும் ஓட்டுவேன்" என்பது தப்பா? நடுவில் 'மற்றும்' போட்டால் சரியாகிவிடும்தானே?

ஆகாது. 'உம்' ஒன்றில் வந்தால் எல்லாவற்றிலும் வர வேண்டும்: "கிரேனும் ஃபோர்க்லிஃப்டும் ஓட்டுவேன்." இல்லையென்றால் இரண்டிலும் எடுத்துவிட்டு "கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன்" என்று விடுங்கள். 'மற்றும்' போட்டாலும் அந்த ஒற்றை 'உம்' அங்கேயேதான் தொங்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பழைய வண்ணாரப்பேட்டை: 'உம்' இருக்கும்போது 'மற்றும்' எதற்கு என்று அவருக்குச் சொல்லியிருக்கலாமே அம்மா. 'ஐ' உருபையும் கடைசிப் பெயரில் மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

'மற்றும்' பற்றி நான் உங்கள் பக்கம்தான் ஐயா. ஆனால் அரசு விளம்பரம் முதல் வங்கிப் படிவம் வரை அதுதான் இருக்கிறது, ரெஸ்யூமில் அதைப் பிழை என்று அடிக்க எனக்குக் கை வரவில்லை. 'ஐ' விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். "சாவி, டீசல் ரசீது, பதிவேடுகளைப் பராமரித்தேன்" என்பதில் எனக்கு உறுத்துவது உருபு இல்லை, சாவியை எப்படிப் பராமரிப்பது என்பதுதான்.