டயலில் 40 டிவிஷன்: எவ்வளவு விடலாம்?

"எங்கள் சாயப்பட்டறையில் 15 எச்.பி. மோட்டாரும் பம்பும், 1,450 ஆர்.பி.எம். கப்ளிங் ரப்பர் இரண்டு மாதம்கூட நிற்பதில்லை. மெக்கானிக் டயல் வைத்து 40 டிவிஷன் காட்டுகிறது என்றார். கப்ளிங் கேட்டலாகிலோ அரை மில்லி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. லேசர் வைத்தால்தான் சரியாகும் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார். எவ்வளவு வரை விடலாம்?"

கேட்டலாகில் இருக்கும் அரை மில்லி, அந்த ரப்பர் உடனே கிழியாமல் தாங்கும் அளவு. உங்கள் பேரிங்கும் மெக்கானிக்கல் சீலும் அதைத் தாங்காது. 1,500 சுற்றை ஒட்டி ஓடும் மோட்டாருக்கு, அதன் அச்சுக்கும் பம்பின் அச்சுக்கும் உள்ள விலகல் 0.05 மி.மீ.க்குள் வந்தால் நல்லது, 0.10-ஐத் தாண்டவே விடாதீர்கள். 3,000 சுற்று என்றால் 0.03 நல்லது, 0.06 எல்லை. இதோடு கப்ளிங் முகத்தின் இடைவெளி மேலும் கீழும், இடமும் வலமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், 100 மி.மீ. விட்டத்துக்கு 0.05 வரை வித்தியாசம் இருக்கலாம்.

உங்கள் டயலில் 40 டிவிஷன், அதாவது 0.40 மி.மீ. காட்டினால் விலகல் 0.40 இல்லை, அதில் பாதிதான். டயல் ஒரு முழுச் சுற்று வரும்போது விலகலை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என இரண்டு தடவை எண்ணிவிடுகிறது. பம்ப் பக்கம் ஸ்டாண்டைப் பிடித்து மோட்டார் கப்ளிங்கின் மேலே பூஜ்யம் வைத்து, இரண்டு அச்சையும் சேர்த்துச் சுற்றுங்கள். கீழே +0.40 வந்தால் மோட்டார் 0.20 தாழ்ந்திருக்கிறது. மோட்டார் காலுக்கு அடியில் ஷிம் தகடு போட வேண்டியது 0.20. 0.40 போட்டால் அதே பிழை மறுபக்கம் வந்து நிற்கும். நிறைய இடங்களில் நடப்பது இதுதான். ஸ்டாண்ட் கம்பி தன் எடையில் தொய்வதும் கணக்கில் வர வேண்டும். அதே கம்பியை ஒரு நேரான பைப்பில் கட்டிச் சுற்றினால், கீழே -0.06 போல ஏதாவது காட்டும். அந்த 0.06-ஐ உங்கள் அளவோடு கூட்டுங்கள்.

லேசர் நல்ல கருவி. தொய்வு கிடையாது, பாதியாக்கும் கணக்கையும் அதுவே போட்டுவிடும். ஆனால் உங்கள் கோளாறு அளவெடுப்பதில் இல்லை என்றால் லேசர் என்ன செய்யும்? மோட்டாரின் நான்கு காலில் ஒன்று தரையில் படியாமல் தூக்கி நின்றால், போல்ட்டை இறுக்கும்போது மோட்டார் முறுக்கிக்கொள்ளும். காலின் மேல் டயல் வைத்து அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். முள் 0.05-க்கு மேல் ஏறினால் அந்தக் காலுக்கு அடியில் ஷிம் வேண்டும்.

அடுத்தது பைப். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஃபிளேஞ்சை ஜாக்கி வைத்து இழுத்து பம்போடு மாட்டியிருந்தால் பம்பே விலகும். பைப்பைக் கழற்றிவிட்டு அலைன்மென்ட் செய்யுங்கள். பிறகு கப்ளிங்கில் நிமிர்ந்தவாக்கில் ஒரு டயல், படுக்கைவாக்கில் ஒரு டயல் வைத்து ஃபிளேஞ்ச் போல்ட்டை இறுக்குங்கள். முள் 0.05-க்கு மேல் நகர்ந்தால் பைப்பை வெட்டித் திருத்தியே ஆக வேண்டும். கான்ட்ராக்டர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு ஆர்டர் தருபவரும் 'லேசர் ரிப்போர்ட் ஒன்று, விலை குறைந்தவர்' என்றுதானே கேட்கிறார்! பைப் இழுத்து நிற்கும் பம்புக்கு அழகாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துப் போவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. பில்லில் கையெழுத்துப் போடும் முன், செய்வதற்கு முன்பு எடுத்த அளவு, பைப் மாட்டிய பின் எடுத்த அளவு, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் கண்முன்னே இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். 0.02-க்கு மேல் மாறினால் அந்த அளவை நம்பாதீர்கள். புது பம்ப் செட் 'கம்பெனியிலேயே அலைன் செய்தது' என்று வந்தாலும் சரி, லாரியில் வந்து பேஸ் பிளேட்டை இறுக்கியதுமே அது மாறிவிடும்.

பம்பில் போவது பச்சைத் தண்ணீரா, சூடா என்று நீங்கள் எழுதவில்லை. சூடு என்றால் கணக்கு வேறு. நீராவி குளிர்ந்து வரும் 90 டிகிரி கண்டென்சேட் தண்ணீர் ஓடும்போது பம்பின் உடல் 60 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப் காலில் நிற்கிறது, காலிலிருந்து அச்சு 250 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 0.011 மி.மீ. நீளும். 0.25 மீட்டரை 60-ஆல் பெருக்கி, அதை 0.011-ஆல் பெருக்கினால் அச்சு 0.165 மேலே போகும். மோட்டாரும் சூடாகும். அது 30 டிகிரி ஏறினால், அதே உயரத்துக்கு 0.08 ஏறும். மீதி 0.08 அளவுக்குப் பம்ப் உயர்ந்து நிற்கும். ஆகவே குளிர்ந்திருக்கும்போது மோட்டாரை 0.08 உயரமாக வைத்துவிட்டு வர வேண்டும். அப்போது கான்ட்ராக்டர் லேசரில் பூஜ்யம் காட்டினால் அதுதான் தப்பான அலைன்மென்ட். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டிய கையோடு, ஆறுவதற்குள் மறுபடி ஒருமுறை டயல் வைத்துப் பாருங்கள்.