பாத்ரூமுக்குள் நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் முதலில் தரையைப் பாருங்கள்

கேள்வி: மாரி தொடங்கிற்று, நாயை வெளியில வைத்துக் குளிப்பாட்ட ஏலாது. பாத்ரூமில ஹேண்ட் ஷவர் பூட்டி இருக்கிறன். ஆனா உள்ளுக்குப் போனதும் நாய் துள்ளுது. முடி போய் பைப் அடைக்கும் என்று மனுசியும் சத்தம் போடுறா. என்ன செய்யலாம்?

மனுசி சொல்வது சரிதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஷவரைப் பூட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள், விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். உங்கள் டைல்ஸ் பளபளப்பான டைல்ஸ் என்றால் நாய் துள்ளுவதற்குக் காரணம் அநேகமாகத் தண்ணீர் இல்லை, கால் பிடிக்காததுதான். ஈரமான டைல்ஸில் நகம் ஊன்றாது, பின்னங்கால் இரண்டும் முதலில் விலகும், ஒருதரம் அப்படி விழுந்த நாய் அடுத்த தரம் பாத்ரூம் கதவைக் கண்டாலே நிலத்தில் குந்திக்கொள்ளும். நான் மிருக வைத்தியர் இல்லை, "நாய்க்கு எதுக்கு இவ்வளவு" என்று கேட்கிறவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு வேறு பதில் பார்க்கலாம்.

நான் குளிப்பாட்டுவது உண்மையில் என் நாயே இல்லை. அண்ணன் குடும்பம் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு. அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டு "ஏன்டா மெலிஞ்சு போனான்" என்று கேட்பார்கள். தீன் என்ன விலை, ஊசி போட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊருக்கு வந்தால் நாயோடு நின்று படம் எடுப்பார்கள், கழுவுகிறவன் நான். சரி, அது வேறு கதை.

எங்கள் வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, வளவு முழுக்க மணல். வெயில் காலத்தில் கிணற்றடியே போதும். மாரியில் வளவில் தண்ணீர் நிற்கும், குளித்த நாய் அதே சேற்றில் புரளும், அதனால்தான் பாத்ரூம். முதலில் கடையில் விற்கும், அடியில் உறிஞ்சு குமிழ் வைத்த ரப்பர் விரிப்பைத்தான் போட்டுப் பார்த்தோம். எங்கள் தரையில் சின்ன டைல்ஸ். குமிழ்கள் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் உள்ள கோட்டில் விழுந்தால் காற்றுப் புகுந்து பிடி விட்டுப்போகும். சொரசொரப்பான டைல்ஸிலும் அது பிடிக்காது. ஷாம்பு தண்ணீர் அடியில் போய்விட்டால் விரிப்பே நாயையும் கொண்டு வழுக்கும்.

இப்போது போடுவது கார் காலடிக்குப் போடும் தடித்த ரப்பர் விரிப்பு. பாரம் இருப்பதால் கிடந்த இடத்தில் கிடக்கும். நாய் நீட்டி நின்றாலும் பின்னங்கால் விரிப்புக்கு வெளியே போகாத அளவு வேண்டும், அதனால் இரண்டை ஒட்டிப் போடுகிறேன். போட்டதும் தண்ணீர் ஊற்றி, நீங்களே ஏறி நின்று குதிக்காலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். உங்களுக்கு நகர்ந்தால் நாய்க்கும் நகரும். தும்புக் கால்மிதி வேண்டாம், முடியைப் பிடித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் நாறும். நாயைக் குழாயில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், வழுக்கினால் கழுத்தில் தொங்கும். என் மகள் நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்வாள், அது போதும்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். பாதி வேலை பாத்ரூமுக்கு வெளியே. காய்ந்த உடம்பிலேயே சீப்பால் வாரிவிடுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நாய்க்கு மேல் முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி உண்டு, பைப்பை அடைப்பது பெரும்பாலும் அதுதான். சடை பிடித்த இடத்தை நனைத்தால் இன்னும் இறுகும், அதனால் அதையும் முதலே எடுத்துவிட வேண்டும்.

பிறகு வடி. தண்ணீர் போகும் துளையின் மூடிக்குக் கீழே நுளம்பு வலைத் துண்டை மட்டும் வைத்தால், கொஞ்ச நேரத்திலேயே பஞ்சு முடி தகடு மாதிரி படிந்து தண்ணீர் கணுக்காலுக்கு ஏறும். உடனே யாராவது வலையை இழுத்து எறிவார்கள், சேர்ந்த முடி முழுக்க உள்ளே போகும். அதனால் இரண்டு அடுக்கு வையுங்கள். கழித்த மீன் வலைத் துண்டு ஒன்றைக் கசக்கி, மூடியைச் சுற்றி வளையமாக வைத்தால் பெரிய கற்றைகள் அங்கேயே நின்றுவிடும், மிஞ்சிய சின்ன முடிக்கு மட்டும் உள்ளே நுளம்பு வலை. நடுவில் ஒருதரம் ஷவரை நிறுத்தி, கையால் வழித்து எடுத்துவிட்டுத் தொடருங்கள். எடுத்ததைக் கொமட்டில் போடாதீர்கள், முடி லேசில் மக்காது, குழி வரைக்கும் போய்க் கிடக்கும்.

ஷவரைத் திறந்ததும் நாயின் மேல் பிடிக்க வேண்டாம். எங்கள் டேங்க் கறுப்பு, வெயில் அடித்த நாளில் பைப்பில் முதலில் வருவது சுடுதண்ணீர். தரையில் ஓடவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பின்னங்காலில் இருந்து தொடங்குங்கள். தூரத்தில் நின்று பீச்சாமல், ஷவர் தலையைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் சத்தமும் குறையும், அடிமுடியும் நனையும். கொமட் பக்கத்தில் இருக்கும் அமத்துகிற ஸ்பிரேயை மட்டும் எடுக்காதீர்கள், அதன் சீற்றத்துக்கே பாதி நாய்கள் ஓடும். தெள்ளு இருந்தால் முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் உடம்பில் தண்ணீர் பட்டதும் எல்லாம் முகத்துக்கு ஏறும். முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும், காதுக்குள் தண்ணீர் போனால் பிறகு செலவு. மனிதர் போடும் ஷாம்பு வேண்டாம், நாயின் தோல் வேறு. அலசும்போது அக்குளையும் தொடை இடுக்கையும் விரலால் விலக்கிப் பாருங்கள். குளித்த பிறகு நாய் சொறிந்தால் எல்லோரும் ஷாம்பைத்தான் குறை சொல்வார்கள், அனேகமாக அலசாமல் விட்ட நுரைதான் காரணம்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் மெதுவாகப் போனால் உடனே நாயைத் திட்ட வேண்டாம். மாரியில் எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்துவிடும், குழி நிரம்பிக் குசினி, பாத்ரூம் எல்லாமே மெதுவாகத்தான் இறங்கும். பாத்ரூம் துளை மட்டும் கொடகொடவென்று சத்தம் போட்டு மெதுவாக இறங்கினால் அது முடி. வளைந்த கம்பியால் கிண்டி எடுங்கள். அடைப்பு நீக்கும் கஸ்டிக் தூளை மேசன்மார் சொல்வார்கள். அது தரையில் கொஞ்சம் மிஞ்சினாலே நாயின் பாதம் வெந்துபோகும், அதைப் போட்டே ஆக வேண்டும் என்றால் தரையை நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கு நாயை உள்ளே விடாதீர்கள்.